பில்லில் பேட்டரியின் நிலையையும் எழுதுங்கள்

கேள்வி: ரீஃபர்பிஷ்டு போன், லேப்டாப் கடை தொடங்கியிருக்கிறேன். ஒரு வருட வாரண்டி தருகிறேன் என்றாலும் மக்கள் நம்பத் தயங்குகிறார்கள். கடைக்கு நல்ல பெயர் உண்டாக்க என்ன செய்யலாம்?

உங்கள் பலகையில் ‘1 வருட வாரண்டி’ என்று பெரிதாகவும், பில்லின் அடியில் ‘பேட்டரி நீங்கலாக’ என்று சிறிதாகவும் இருக்கும் என்று எண்ணுகிறேன். கோயம்புத்தூரில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். பழைய லேப்டாப்பில் முதலில் சோர்வது பேட்டரிதான் என்பதை அறிந்தவர், அதை விலக்கிய வாரண்டியை எப்படி மதிப்பார்?

ஒரு நிறுவனம் கழித்த லேப்டாப்பை, கீறல் இல்லை என்ற ஒரே காரணத்தால் ‘ஏ கிரேடு’ என்று ஒட்டி, கல்லூரி மாணவி ஒருவருக்கு விற்றேன். ஐந்தாவது வாரம் அவருடைய தந்தை வந்து, சார்ஜ் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை என்றார். நான் பில்லின் அடிவரியைக் காட்டினேன். அவர் சண்டை போடவில்லை. “கீறலில்லைன்னு சொன்னீங்க தம்பி, உள்ள எப்படி இருக்குதுன்னு சொல்லவே இல்லீங்களே” என்றார். அதன் பிறகுதான் விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் இந்தக் கட்டளையை இயக்கிப் பார்த்தேன்.

```
powercfg /batteryreport
```

அறிக்கையில் DESIGN CAPACITY 60,000 mWh என்றும், FULL CHARGE CAPACITY 27,000 mWh என்றும் இருந்தன. அதாவது புதிதாக இருந்தபோது பிடித்த சார்ஜில் 45 சதவீதம்தான் இப்போது பிடிக்கிறது. விற்பதற்கு முன் ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் தெரிந்திருக்கும். என் செலவில் பேட்டரியை மாற்றிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அந்த இரண்டு எண்களையும் பில்லில் எழுதுகிறேன். 80 சதவீதத்திற்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றிவிட்டே விற்கிறேன். வாரண்டியை ஆறு மாதமாகக் குறைத்து, அதற்குள் 70 சதவீதத்திற்குக் கீழே இறங்கினால் இலவசமாக மாற்றுவதாக எழுதிக் கொடுக்கிறேன். கட்டுப்படியாகாது என்பீர்கள். ஒவ்வொரு லேப்டாப்புக்கும் 500 ரூபாயைத் தனியாக வைத்தேன். 100 விற்றபோது 50,000 சேர்ந்தது, திரும்பி வந்த 11 பேட்டரிகளுக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 வீதம் 33,000தான் போனது. ஓராண்டு வாரண்டி தரும் கடைக்குச் சிலர் போய்விட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

அறிக்கையை மட்டும் நம்பிவிட வேண்டாம். மலிவான மாற்று பேட்டரிகள் தவறான எண்ணைக் காட்டுவதுண்டு என்பதால், சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்க்கிறேன்.

போனில் தரத்தைவிட, திருட்டுப் பொருளோ என்ற ஐயமே பெரிது. அதனால் வாடிக்கையாளரையே *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பார்க்கச் சொல்லி, அவருடைய போனிலிருந்தே KYM என்று தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அந்த எண் தடை செய்யப்பட்டதா என்று பதிலில் பார்க்கச் சொல்கிறேன். திரை மாற்றிய போன் என்றால் அதையும் பில்லில் எழுதி, விலையைக் குறைத்துக்கொள்கிறேன்.