58 கிலோ பையனும் 20 கிலோ பையும்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. கலிபோர்னியாவில் வனவியல் படிக்கும் மகன், வரும் கோடையில் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் சேரப் போகிறேன் என்கிறான். 58 கிலோ எடையுள்ள ஒல்லிப் பிள்ளை அவ்வளவு சுமையோடு எப்படி நடப்பான் என்பது உங்கள் கவலை. அவனுக்கு 19 வயது, அமெரிக்கக் குடியுரிமையும் உண்டு. விண்ணப்பத்தில் சிக்கல் இல்லை. சிக்கல் நீங்கள் பயப்படும் இடத்தில்தான் இருக்கிறது.

குழுவில் சேரச் சுமையோடு நடந்து காட்ட வேண்டிய தேர்வு ஒன்று உண்டு; அதை அங்கே ‘பேக் டெஸ்ட்’ என்பார்கள். 45 பவுண்டு, அதாவது 20.4 கிலோ சுமையுடன் சமதரையில் 3 மைலை (4.8 கிலோமீட்டர்) 45 நிமிடத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். ஓடக்கூடாது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 நிமிடம் 20 விநாடி என்பது விறுவிறு நடை. ஆளின் எடையைப் பார்த்துச் சுமையைக் குறைக்க மாட்டார்கள். 90 கிலோ ஆளுக்கு அது உடல் எடையில் கால்வாசியும் இல்லை. உங்கள் மகனுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே மற்றவர்களைவிட அவனுக்கு நாள் கூடுதலாக வேண்டும். மே மாதத் தேர்வுக்கு இன்னும் 14 வாரம் இருக்கிறது. அது போதும்.

முதல் மூன்று வாரம் பையைத் தொட வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் அதே 4.8 கிலோமீட்டரை வெறும் உடம்போடு நடக்கட்டும். இப்போது 51 நிமிடம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டி எட்டி வைத்தால் வேகம் வராது, முழங்கால்தான் நோகும். அடியைச் சிறிதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லுங்கள். சுமையில்லாமல் 45 நிமிடத்துக்குள் வந்த பிறகுதான் பை.

நான்காம் வாரம் 6 கிலோ, அதே 4.8 கிலோமீட்டர். ஐந்தாம் வாரம் அதே 6 கிலோவுடன் 6.5 கிலோமீட்டர். ஆறாம் வாரம் சுமை 9 கிலோவாகும்போது தூரம் மீண்டும் 4.8-க்கு இறங்க வேண்டும். இப்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 3 கிலோ ஏற்றினால் 12-ஆம் வாரம் 18 கிலோ. 13-ஆம் வாரம் ஒரே ஒரு நாள் முழுச் சுமையுடன் கடிகாரம் வைத்து நடந்து பார்க்கலாம்; கடைசி வாரம் இலேசான நடை மட்டும். சுமை நடை வாரத்துக்கு இரண்டு நாள்தான், நடுவில் இடைவெளியோடு. மூன்றாவது நாள் சுமையில்லாமல் மேட்டில் ஏறட்டும்.

சுமையையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் ஏன் கூட்டக்கூடாது? மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மெதுவாகத்தான் பழகும். மூச்சு வாங்கவில்லை என்பதால் கால் தயார் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த மாணவன் ஒருவன் 9 கிலோ சுலபமாக இருக்கிறது என்று அடுத்த வாரமே 16-க்குத் தாவினான். பத்து நாளில் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வலி. விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீரென்றது. தசை வலி பரவலாக இருக்கும், நடக்க நடக்கத் தளரும்; இந்த வலி ஒரு புள்ளியில் நிற்கும், நடக்க நடக்கக் கூடும். எலும்பில் நுண்விரிசலின் அடையாளம் அதுதான். நடையை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். அவனுக்கு அந்தப் பருவமே போயிற்று.

சுமைக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் ஊர் இந்தியக் கடையில் கிடைக்கும் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை ஏறத்தாழ 9 கிலோ; இரண்டு மூட்டையும் பையின் எடையும் சேர்ந்தால் தேர்வுச் சுமைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பையின் எடையைப் பலரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அரிசி அடியில் சரிந்து உட்கார்ந்துவிடும். அடியில் பழைய போர்வையைத் திணித்து, மூட்டையைத் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும். இடுப்புப் பட்டையை இறுக்கினால்தான் பாரம் இடுப்புக்கு இறங்கும். கை மரத்துப்போனால் தோள்வார் நரம்பை அழுத்துகிறது என்று பொருள்; உடனே பையை இறக்க வேண்டும்.

எடை ஏற்றிய கையில்லா மேல்சட்டை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாரம் முன்னும் பின்னும் பிரிவதால் நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் நெஞ்சை இறுக்கும், வெக்கை கூடும். தேர்வில் சில இடங்களில் அதையே தருவார்கள் என்பதால் ஓரிரு முறை போட்டுப் பார்க்கட்டும். வேலையில் சுமக்கப்போவது முதுகுப்பை. பழக்கம் அதில்தான் வேண்டும்.

தேர்வுக்கு முன் உடல்நலக் கேள்விப் படிவம் ஒன்று தருவார்கள். சிறுவயதில் வீசிங் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அதில் மறைக்க வேண்டாம். இந்தத் தேர்வின்போது இறந்தவர்களும் உண்டு. படிவம் சடங்குக்காக வைத்ததல்ல.

மூன்றாம் வார முடிவில் அவன் நேரத்தை எனக்கு எழுதச் சொல்லுங்கள். 45-க்கு மேல் இருந்தால் அரிசி சமையலறையிலேயே இருக்கட்டும்.