25 வருடக் கணக்கில் பார்க்க வேண்டியது யூனிட் விலையை

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடுகிறது. 3 கிலோவாட் சோலாருக்கு 2 லட்சம், மானியம் 78,000 போக 1,22,000 என்கிறார்கள். வருடம் 4,400 யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய், மூன்றரை வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும், 25 வருடத்தில் 8,80,000 மிச்சம் என்று தாளில் இருக்கிறது. பேனல் தேய்மானம் அதில் இல்லை. நம்பலாமா?

பதில்: தேய்மானம் விடுபட்டது தவறுதான். ஆனால் உங்கள் தாளில் பெரிய ஓட்டை அந்த 8 ரூபாய்.

உற்பத்தியிலிருந்து தொடங்குவோம். நிழலில்லாத மொட்டை மாடியில் ஒரு கிலோவாட்டுக்கு வருடம் 1,400 யூனிட் என்று வைப்பதே நிதானம். 3 கிலோவாட்டுக்கு 4,200, அதாவது ஒரு பில்லுக்கு 700 யூனிட். பேனல் தரும் யூனிட்டை உங்கள் செலவில் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டரில், மின்வாரியத்திடம் நீங்கள் வாங்குவது 100 யூனிட்டாகக் குறையும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அந்த முதல் 100 யூனிட் இலவசம். இப்போதைய ஸ்லாபில் 800 யூனிட்டுக்குச் சுமார் 4,800 ரூபாய் கட்டுகிறீர்கள், அது முழுக்க மிச்சம். வருடத்துக்கு 28,800. யூனிட்டுக்குப் பார்த்தால் 7 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. போட்ட பணம் திரும்ப நாலேகால் வருடம் ஆகும்.

சோலார் முதலில் வெட்டுவது ஒன்பது ரூபாய்க்கு மேல் போகும் உச்சி யூனிட்டுகளை. கீழே இறங்க இறங்க அதன் மதிப்பு குறைகிறது. அதனால்தான் 500 யூனிட் ஓடும் வீட்டில் இதே 3 கிலோவாட்டைப் போட்டால், பில்லே சுமார் 1,800 என்பதால், பணம் திரும்பப் பதினோரு வருடம் ஆகிவிடும். உங்களிடம் யாராவது 5 கிலோவாட் போடச் சொன்னாலும் வேண்டாம். கூடுதல் யூனிட் இலவச 100-ஐத் தின்னும், மீதி உங்கள் தேவைக்கு மேல்தான் போகும், மானியமும் 78,000-க்கு மேல் ஏறாது.

தேய்மானமும் இந்தக் கீழ்த்தட்டில்தான் விழுகிறது. வருடம் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தால், 25-ஆம் வருடம் பில்லுக்கு 700 அல்ல, 610 யூனிட் வரும். அந்த 90 யூனிட்டை இரண்டரை ரூபாய்க்கும் குறைவான ஸ்லாபில் வாங்குவீர்கள். வருடத்துக்கு 1,300 ரூபாய் அளவுதான் இழப்பு. இன்றைய கட்டணமே நீடித்தால் 25 வருடச் சேமிப்பு சுமார் 7 லட்சம். முதலீட்டையும், இடையில் இரண்டு முறை இன்வெர்ட்டர் மாற்ற 60,000-ஐயும் கழித்தால் கையில் நிற்பது 5,20,000.

பேனல் தேய்வதைவிட எனக்குக் கவலை தூசியும் நிழலும். பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்கின் நிழல் மூன்று மணிக்கு ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலே அதோடு இணைத்த பேனல் வரிசை முழுக்க உற்பத்தி இறங்கக்கூடும். இன்வெர்ட்டர் ஆப்பில் மாத யூனிட்டைக் குறித்து வையுங்கள். மே மாதத்தை நவம்பரோடு ஒப்பிடாதீர்கள், போன மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் முதலில் பேனலைக் கழுவிப் பாருங்கள். கழுவியும் ஏறவில்லை என்றால் நிறுவியவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு வரிசையையும் அளக்கச் சொல்லுங்கள்.