மழையில் நனைந்த தோல் செருப்பு

கேள்வி: போன வாரம் மழையில் தொப்பலாக நனைந்த தோல் செருப்பை மாடி வெயிலில் காய வைத்தேன். வார் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. ஆபீஸ் ஷூ இன்னும் ஈரமாகவே இருக்கிறது. இரண்டுக்கும் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: எண்ணெய் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஷூவைப் பார்ப்போம், அதை இன்னும் முழுசாகக் காப்பாற்றலாம்.

லேஸையும் உள் அட்டையையும் எடுத்துவிட்டு, சேற்றை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பிறகு சுரண்டினால் மேல்பூச்சு கீறிவிடும். கசக்கிய தாளை முனை வரை திணியுங்கள், ஆனால் ஷூ புடைக்கும் அளவுக்கு வேண்டாம். உள்ளே வெளிர் நிறமென்றால் செய்தித்தாளின் மை ஒட்டும், வெள்ளைத்தாள் நல்லது. இரண்டு மணி நேரத்தில் தாள் சொதசொதவென்று ஆகிவிடும், மாற்றுங்கள். படுக்கும் முன் இன்னொரு முறை. ஷூவைப் பக்கவாட்டில் சாய்த்து, மின்விசிறிக் காற்று படும் நிழலில் வையுங்கள், அடிப்பாகமும் காய வேண்டும். முழுக்க நனைந்ததற்கு இரண்டு நாளாவது ஆகும்.

வெயில், ஹேர் டிரையர், அடுப்பு மூன்றும் கூடாது. தோலைப் பதனிடும்போது அதன் நார்களுக்கு இடையே எண்ணெய் ஏற்றுகிறார்கள். நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் தோல் வளைகிறது. மழைநீர் அந்த எண்ணெயில் கொஞ்சத்தைக் கொண்டுபோய்விடும். வேகமாகக் காய்ந்தால் நார்கள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோல் காய்ந்த தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கும். சோல் ஒட்டிய பசையும் சூட்டில் விட்டுவிடும். என் பழுப்பு ஷூ ஒன்றை அவசரத்தில் அடுப்பு மேடையோரம் வைத்து எடுத்தேன். விரல் மடங்கும் இடத்தில் குறுக்கே வெடித்தது, பிறகு எதைத் தடவியும் சேரவில்லை.

இப்போது உங்கள் செருப்பு. வாரை மெதுவாக, பாதி அளவு மட்டும் வளைத்துப் பாருங்கள். மடிப்பில் நார் பிரிந்து தெரிந்தால் அது வெடிப்பு. செருப்பு தைப்பவரிடம் வார் மாற்றுவதுதான் வழி. வெறும் விறைப்பு என்றால் மீட்கலாம். பிழிந்த துணியால் வார் முழுவதையும் ஒரே சீராகத் துடையுங்கள். ஓரிடத்தில் மட்டும் நனைத்தால் கறைவளையம் விழும். தொட்டால் லேசாகக் குளிரும் ஈரம் போதும். ஒரு மணி நேரம் கழித்து, நிறமில்லாத லெதர் க்ரீமைச் சுண்டைக்காய் அளவு எடுத்து இரண்டு வார்களுக்கும் தேய்த்து, விரலால் முன்னும் பின்னும் மெல்ல வளைத்துக் கொடுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மெல்லிய பூச்சாக இதையே செய்யுங்கள். ஒரேயடியாக அப்பினால் தோல் தொளதொளத்துவிடும்.

தேங்காய் எண்ணெய் தோலைக் கறுக்கச் செய்யும், திட்டுத்திட்டாக இறங்கும். ஸ்பாஞ்ச் வைத்த திரவ பாலிஷ் பளபளப்புக்குத்தான், நாருக்குள் போகாது. க்ரீம் வாங்கும் முன் இன்னொன்று: வாரின் மேல்பக்கத்தில், கண்ணில் படாத ஓரமாக ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஊறி நிறம் மாறினால் க்ரீமும் ஊறும். முத்தாக நின்றால் மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கலாம், அதில் க்ரீமுக்குப் பெரிய வேலை இல்லை. ஷூவுக்கு, ஈரம் முழுக்கப் போன பிறகு, இதே க்ரீம் ஒருமுறை போதும்.