ஆச்சியின் முகத்தில் எதைத் தணிப்பது, எதை விட்டுவைப்பது

"எங்க ஆச்சிக்கு 84 வயசு. அம்பாசமுத்திரத்துல வீட்டு முற்றத்துல வச்சு மதியம் எடுத்த படம் ஒண்ணு இருக்கு. பாம்படத்தோட, சிரிச்ச முகமா நல்லா வந்திருக்கு. ஆனா ரெண்டு கன்னத்துலயும் பழுப்புத் திட்டு, கண்ணுக்குக் கீழ பை தொங்கிக் கருப்பா இருக்கு. போன் ஆப்ல போட்டா மெழுகு பொம்மை மாதிரி ஆயிடுது. 12×18 அளவுல பிரிண்ட் போட்டுத் தார்சாவுல மாட்டணும். போட்டோஷாப் ஓரளவு தெரியும். எப்படிச் சரிசெய்ய?"

போன் ஆப்புக்குக் கறை வேறு, தோல் வேறு என்று தெரியாது. திட்டையும், அதன் மேல் ஓடும் நுண்ணிய சுருக்கத்தையும் சேர்த்தே மழுக்கிவிடுகிறது. அதனால்தான் மெழுகாகிறது. ஆச்சியின் கன்னத்தில் உள்ள திட்டு, பல வருஷ வெயிலில் நிறம் மட்டும் மாறிய இடம். அங்கே தோலின் இழை பெரும்பாலும் பக்கத்துத் தோலைப் போலவேதான் இருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் தணித்தால் போதும், தோலைத் தொட வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் படத்தைப் பெரிதாக்கி, ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பாருங்கள். ஒரு வாரத்தில் மறையக்கூடிய கொசுக்கடி, சிறு கீறல் எல்லாவற்றையும் முழுதாக எடுத்துவிடலாம். மச்சம், மரு, பழைய தழும்பு, பச்சை குத்தியது ஆகியவை அவரோடு கூடவே வந்தவை, அவற்றில் கைவைக்க வேண்டாம். வயதில் வந்த திட்டும் கண்ணடி நிழலும் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. அவற்றைப் பாதி தணிக்கலாம்.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அம்மா ஒருவரின் படத்தில், மோவாயில் மங்கிய நீலச்சாம்பல் புள்ளிகள் மூன்று இருந்தன. கறை என்று நினைத்து எடுத்துவிட்டேன். பிரிண்டை வாங்கிய மகள் ஒன்றும் பேசாமல் அந்த இடத்தில் விரலை வைத்தார். சின்ன வயதில் குத்திய பச்சை அது. மறுபடி வேலைசெய்து வேறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பச்சை வருஷம் போகப் போகக் கலங்கிப் பரவுவதால், படத்தில் அழுக்குப் போலவே தெரியும். உங்கள் ஆச்சிக்கும் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, திட்டுக்கு வருவோம். பலரும் Healing Brush எடுத்து மொத்தமாகத் துடைப்பார்கள். அது வேறோர் இடத்தின் தோலை எடுத்து இங்கே ஒட்டுகிற கருவி. இளம் முகத்தில் ஒட்டுத் தெரியாது. 84 வயது முகத்தில் சுருக்கம் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு திசையில் ஓடுவதால், கன்னத்தின் நடுத்தோலைக் கண்ணோரத்தில் வைத்தால் கோடு அறுந்து நிற்கும். கொசுக்கடி அளவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டுக்கு Curves என்ற Adjustment Layer போடுங்கள். கோட்டின் நடுப்பகுதியை மெல்ல மேலே தூக்குங்கள். ஆகக் கறுத்த திட்டு, சுற்றியுள்ள தோலின் வெளிச்சத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். முகம் முழுதும் வெளுத்துத் தெரியும், பரவாயில்லை. இப்போது அந்த லேயரின் மாஸ்க்கில் Ctrl+I அழுத்தினால் மாற்றம் மறைந்துவிடும். வெள்ளை நிறத்தில், ஓரம் மெத்தென்ற பிரஷ் எடுத்து Flow 10% வையுங்கள். பிரஷ் திட்டைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கட்டும். திட்டுக்குள் மட்டும் நாலைந்து தடவை மெல்லத் தடவுங்கள். பிரஷ் வெளியே போனால் திட்டைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். அந்த இடத்தில் கறுப்பு நிறத்தால் தடவி மூடிவிடலாம். திட்டு செம்பட்டையாகத் தெரிந்தால் லேயரின் மோடை Luminosity என்று மாற்றிப் பாருங்கள்.

எல்லாத் திட்டும் மறைந்தபின், அந்த லேயரின் Opacity-ஐ 50 அல்லது 60 சதவீதத்துக்கு இறக்குங்கள். திட்டுகள் மங்கலாகத் திரும்பி வரும். முகமும் ஆச்சியின் முகமாகத் திரும்பும்.

கண்ணடிக்குத்தான் பொறுமை வேண்டும். மதிய வெயில் உச்சியிலிருந்து இறங்கியதால், உங்கள் படத்தில் கண்குழி முழுதுமே இருண்டிருக்கும். பையை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. முதலில் இன்னொரு Curves லேயரில், பெரிய மெத்தென்ற பிரஷ்ஷால் இமை, கண், கண்ணடி எல்லாவற்றையும் சேர்த்துக் கொஞ்சம் தூக்குங்கள். இதிலேயே பை பாதி தணிந்துவிடும்.

அப்புறம் பையை உற்றுப் பாருங்கள். மேல்பக்கம் உப்பி வெளிச்சம் வாங்கியிருக்கும், கீழ் ஓரத்தில் வளைவாக ஒரு பள்ளம் இருண்டிருக்கும். அந்தப் பள்ளத்தின் இருட்டை மட்டும், அதற்கென்றே போட்ட இன்னொரு Curves லேயரில், Flow 5% வைத்துத் தடவுங்கள். உப்பலைத் தொடாதீர்கள். பை முழுதையும் வெளுத்தால், வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டு அலைந்து திரும்பியவர்போல் கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம் நிற்கும். வேலை முடிந்ததும் இந்த லேயரை 40 சதவீதத்துக்கு மேல் விடாதீர்கள். ஆச்சி சிரிக்கும்போது அந்தப் பையும் சேர்ந்துதான் மேலே ஏறுகிறது. அதை எடுத்துவிட்டால் வாய் சிரிக்கும், கண் சிரிக்காது.

நம்மூர் நிறத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கண்ணடியைத் தூக்கியதும் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். வெளிச்சம் ஏறியது, சூடான நிறம் ஏறவில்லை என்று அர்த்தம். மேலே ஒரு காலி லேயர் போட்டு மோடை Color என்று மாற்றுங்கள். பிரஷ் கையில் இருக்கும்போது Alt அழுத்திக் கன்னத்து நிறத்தை எடுத்து, 10 சதவீதத்தில் ஓரிரு தடவை தடவினால் உயிர் வந்துவிடும்.

விழியை வெளுக்க வேண்டாம். வயதானவர்களின் வெள்ளைவிழி லேசாக மஞ்சள் ஓடித்தான் இருக்கும், கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வளையமும் இருக்கலாம். பளிச்சென்று வெளுத்த கண், அந்த முகத்தில் வேறு யாருடைய கண்ணோபோல் நிற்கும். பாம்படம் இழுத்து நீண்ட காதும் அப்படியே இருக்கட்டும், அதன் மடிப்பு நிழல்கூட. ஆனால் மடியில் வைத்த கைகள் படத்தில் இருந்தால், புறங்கைத் திட்டுகளையும் முகத்தின் அளவுக்கே தணியுங்கள். முகம் தெளிந்து கை மட்டும் பழையபடி இருந்தால் பார்ப்பவர்களுக்கு உடனே உறுத்தும்.

வேலைசெய்யும்போது 100 சதவீதத்தில் பாருங்கள், முடிவெடுப்பது முழுப்படம் திரையில் தெரியும் அளவில் இருக்கட்டும். 300 சதவீதத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு மயிர்க்காலும் குறையாகத் தெரிந்து கை நிற்காது. ஒருநாள் விட்டு மறுநாள் திறந்தால், மிஞ்சிப்போனது தானாகக் கண்ணில் படும். அப்போது தினமும் ஆச்சியோடு இருக்கிற ஒருவரிடம், எதைத் திருத்தினீர்கள் என்று சொல்லாமல் காட்டுங்கள். "ஆச்சி நல்லா இருக்காக" என்றால் சரி. "எப்ப எடுத்தது, சின்ன வயசுலயா?" என்று கேட்டால் எல்லா லேயரையும் பத்துப் பத்து சதவீதம் இறக்கிவிட்டு மறுபடி காட்டுங்கள்.

ஆச்சிக்குச் சம்மதமானால் இன்னொரு படம் எடுப்பது இதைவிட எளிது. காலையில் தார்சாவுக்குள், வாசல் பக்கம் முகம் பார்க்க உட்காரவைத்து, மடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். வேட்டியில் பட்ட வெளிச்சம் கீழிருந்து எழும்பி, கண்ணடிப் பள்ளத்தை அதுவே நிரப்பிவிடும்.

12×18க்குப் போகும் முன் அதே லேபில், அதே பேப்பரில் ஒரு 4×6 போட்டு வாங்குங்கள். தாளில் திரையைவிடக் கொஞ்சம் இருண்டு வருவது வழக்கம். நீங்கள் பாதியாகத் தணித்த நிழல் அதில் முக்கால்வாசி திரும்பி வந்திருக்கலாம். படம் மாட்டப்போகும் தார்சாச் சுவரில் அதைப் பிடித்துப் பாருங்கள். இருட்டாக இருந்தால் கண்ணடி லேயரைக் கூட்டாதீர்கள், முழுப்படத்தின் வெளிச்சத்தையும் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் பெரிய பிரிண்டுக்குக் கொடுங்கள்.