வகிட்டில் அடித்த ஸ்பிரே

டாக்டர், எனக்கு 48 வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டை போடுவேன். நடுவில் வகிட்டில் வெள்ளை தெரிந்தால் வேர் மறைக்கும் ஸ்பிரே அடித்துக்கொள்வேன். போன மாதம் தங்கை மகள் கல்யாணம். டை போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. ஐந்து நாளும் காலையில் ஸ்பிரே, மேலே பூ. தலை அலசவே நேரமில்லை. நாலாம் நாள் வகிட்டில் அரிப்பு, சின்னச் சின்னப் பொரி. எனக்கு டை ஒத்துக்கொள்ளவில்லையா, ஸ்பிரேயா? அடுத்த டை எப்போது போடலாம்?
— வாசகி, காரைக்குடி

டை மேல் பழி போட வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது. டையில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் போட்ட ஓரிரு நாளில், தாமதமானால் மூன்று நாளில், அரிப்பு தொடங்கிவிடும். அதுவும் வகிட்டோடு நிற்காது. நெற்றி ஓரம், காது மடல், பின்கழுத்து என்று டை வழிந்த இடமெல்லாம் சிவந்து தடிக்கும். சிலருக்குக் கண் இமை வீங்கிக் கண்ணே திறக்காது. உங்களுக்குப் பத்து நாள் ஒன்றுமில்லாமல் இருந்து, ஸ்பிரே பட்ட கோட்டில் மட்டும் பொரி வந்திருக்கிறது.

வேர் ஸ்பிரே முடிக்குள் போய் நிறம் மாற்றுவதில்லை. பெரும்பாலானவற்றில் இருப்பது இரும்பு ஆக்சைடு போன்ற நிறத்தூள், அது முடியில் ஒட்டிக்கொள்ள ஒரு பசை, சீக்கிரம் காய ஆல்கஹால், வாசனை. ஒருநாள் அடித்து அன்றிரவே அலசினால் பலருக்குத் தொல்லை இல்லை. நீங்கள் ஐந்து அடுக்கு ஏற்றியிருக்கிறீர்கள். கல்யாண வீட்டு வேர்வையும் எண்ணெயும் அந்தத் தூளோடு குழைந்து மயிர்க்கால்களின் வாயை அடைத்திருக்கும். பொரியாக வந்ததற்கு அதுவே போதும். முன்பே பொடுகு இருந்தால் இன்னும் எளிதாகக் கிளம்பும்.

வாசனைப் பொருள் அலர்ஜியும் இருக்கலாம். அதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். புண் முழுதும் ஆறிய பிறகு, ஸ்பிரேயை ஒரு கிண்ணத்தில் அடித்து, வாயு போகச் சில நிமிடம் விட்டு, முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு தடவுங்கள். தினம் இரண்டு வேளை, ஒரு வாரம். அரிப்போ தடிப்போ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு, அந்த ஸ்பிரேயைத் தூக்கிப் போடுங்கள். வராவிட்டால் குற்றம் பொருளில் இல்லை, அலசாததில்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருமுறை தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி நெற்றி வீங்கி வந்தார். "டை பக்கமே போனதில்லை, பவுடர்தான் போட்டேன்" என்று சாதித்தார். பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீரில் குழைத்து அரைமணி நேரம் ஊறவிடும் பவுடர். பின்பக்கம் பொடி எழுத்தில் பி.பி.டி.யின் முழுப்பெயர். குழைத்து ஊறவைப்பது டை. பிரஷ்ஷால் காய்ந்த முடியில் ஒற்றி, ஒரு ஷாம்புக் குளியலில் போய்விடுவதுதான் வேர் மறைக்கும் பவுடர். கடையில் இரண்டுக்கும் 'பவுடர்' என்றே பேர். கறுப்பு மருதாணி என்று விற்பதிலும் பி.பி.டி. கலப்பதுண்டு.

இப்போதைக்கு ஸ்பிரேயை நிறுத்துங்கள். வகிட்டை அடுத்த பக்கம் மாற்றிச் சீவினாலே நரை கொஞ்சம் மறையும். செதில் இருந்தால் 2% கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். பொரி சீழ் பிடித்தாலோ, இரண்டு வாரத்தில் அடங்காவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுபடி அடிக்கும்போது எண்ணெய் வைக்காத, காய்ந்த தலையில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முடியில் மட்டும் படும்படி லேசாக அடியுங்கள். மூச்சில் ஏறாமல் இருக்க வளவில் நின்று அடிப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பிரஷ்ஷில் ஒற்றுவதே மேல். டப்பாவில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன் போன்ற எரிவாயு. அடித்த கையோடு சாமி வீட்டு விளக்கேற்றக் குனியாதீர்கள், நன்றாகக் காயட்டும். இரவில் ஷாம்பு கட்டாயம், திருப்பூட்டு நாளாக இருந்தாலும்.

அடுத்த டை, பொரியும் சொறிந்த காயமும் சுத்தமாக ஆறிய பிறகுதான். ஸ்பிரேயின் மிச்சம் இருந்தால் டை சரியாக ஏறாது, வகிட்டில் திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் முதல் நாள் மாலையே அலசிவிடுங்கள். அதற்கும் இரண்டு நாள் முன்பு, டைப் பெட்டியில் சொன்னபடி கொஞ்சம் தோலில் தடவி 48 மணி நேரம் பாருங்கள். பல வருஷம் ஒத்துக்கொண்ட டை ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு.