சிப்ரோ குளிசை குடிக்கேக்க குதிக்குப் பின்னால நோவா? வயலுக்குப் போக முதல் வாசியுங்கோ

கேள்வி: டொக்டர், எங்கட அப்பாவுக்கு 64 வயசு, கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்யிறார். சலக்கடுப்புக்கு சிப்ரோஃப்ளொக்சசின் 500 குடுத்தவை, அதே கிழமை தொய்வு கூடினதால பிரெட்னிசொலோனும் குடிக்கிறார். நாலாம் நாள் காலமை ரெண்டு குதிக்கும் மேல பின்பக்கம் நோகுதாம், வரம்பு வெட்டினதால எண்டு சொல்றார். எண்ணெய் போட்டு உரஞ்சினா சரி வருமா, குளிசையை முடிக்கட்டா? (மகள்)

பதில்: தங்கச்சி, இண்டைக்கு இரவுக் குளிசையை அப்பாவுக்குக் குடுக்க வேண்டாம். மருந்து எழுதின டொக்டருக்கு இண்டைக்கே கோல் பண்ணுங்கோ, இல்லாட்டி துண்டையும் குளிசைப் பைகளையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. உரஞ்ச வேண்டாம், வயலுக்கும் விட வேண்டாம். சலத்தில இருக்கிற கிருமிக்கு மருந்து கட்டாயம் வேணும், அதை அப்பிடியே விடச் சொல்லேல்ல, வேற மருந்துக்கு மாத்தச் சொல்றன். காய்ச்சல் நடுக்கத்தோட வந்தாலோ நாரிப்பக்கம் குத்து இருந்தாலோ விடியும்வரை பாத்துக்கொண்டு இருக்காம இரவோட இரவா கொண்டுபோங்கோ, கிருமி சிறுநீரகத்துக்கு ஏறினா அது வேற கதை.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துறன் எண்டு சொல்றன். சிப்ரோஃப்ளொக்சசின் ஒரு குடும்பத்து மருந்து. லெவோஃப்ளொக்சசின், ஒஃப்ளொக்சசின், நோர்ஃப்ளொக்சசின், மொக்சிஃப்ளொக்சசின் எல்லாம் அதே குடும்பம்தான், பேருக்குக் கடைசியில ‘ஃப்ளொக்சசின்’ எண்டு வரும். இந்தக் குடும்பம் அபூர்வமா சில ஆக்களுக்குத் தசையை எலும்போட கட்டி வைச்சிருக்கிற நாணைப் பழுதாக்கும். எந்த நாணுக்கும் வரலாம், தோள்மூட்டு, கை எண்டும் வாறது, ஆனா பெரும்பாலும் அடிவாங்கிறது குதிக்குப் பின்னால இருக்கிற அந்தத் தடிச்ச நாண்தான், ஏனெண்டா உடம்புப் பாரம் முழுக்க ஒவ்வொரு அடிக்கும் அதிலதான் ஏறுது, அதுவும் குதிக்கு ரெண்டு மூண்டு விரலளவு மேல ரத்த ஓட்டம் குறைஞ்ச ஒரு இடம் இருக்கு, அறுந்தா அனேகமா அங்கதான் அறும். மருந்து நாணுக்குள்ள இருக்கிற கலங்களின்ர மக்னீசியத்தைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும், கொலாஜன் நாரைத் தின்னுற என்சைம் கூடும், புது நார் நெய்யிற வேலை குறையும். வெளியில பாக்க முழுசா இருக்கிற கயிறு உள்ளுக்குள்ள இழை இழையா விட்டுக்கொண்டு வாறமாதிரித்தான், பாரம் ஏறுற நேரத்தில அறும்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் 2008லயே இந்தக் குளிசைகளின்ர விபரத்தாளில கறுப்புப் பெட்டி போட்டு இதை எச்சரிக்கையா எழுதச் சொல்லிட்டுது. பிரித்தானியாவில 2024 ஜனவரியில இருந்து வேற அன்டிபயோட்டிக் பொருந்தாத இடத்தில மட்டும்தான் இதைக் குடுக்கலாம் எண்டு இறுக்கிட்டினம். அதுக்காக இது நஞ்சில்ல. சில கிருமிகளுக்கு, சலக் கல்ச்சர் ரிப்போட்டில வேற ஒண்டும் வேலை செய்யாது எண்டு வந்தா, உயிரைக் காப்பாத்திறதே இதுதான். கோடிக்கணக்கான சனம் ஒரு பிரச்சினையும் இல்லாமக் குடிச்சு முடிச்சிருக்கு. நான் பயப்பிடுறது உங்கட அப்பாவை மாதிரி ஆக்களுக்குத்தான்.

அவருக்கு என்ன இருக்கு எண்டு பாருங்கோ. 60 தாண்டின வயசு, அது ஒண்டு. பிரெட்னிசொலோன், அதாவது ஸ்டெரொய்ட் குளிசை, அது தனியாவே நாணைப் பலவீனமாக்கும், சிப்ரோவோட சேந்தா ஆபத்து சில மடங்கு கூடும், இந்த ரெண்டும் சேர்றதுதான் எல்லாத்திலயும் மோசமான கூட்டு. பிறகு வயல் வேலை. ஈரமண்ணில குதி புதைஞ்சு விரல்பக்கம் மேல நிக்கும், அப்ப நாண் முழுக்க இழுபட்டு நிக்கிற நிலையில காலைப் பிடுங்கி அடுத்த அடி வைக்கோணும், ஒரு நாளைக்கு எத்தனை தரம் எண்டு நினைச்சுப் பாருங்கோ. நாலாவது, நீங்கள் எழுதேல்ல ஆனா நான் கட்டாயம் கேப்பன், அப்பாவின்ர கிட்னி எப்பிடி? வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் உள்ள கமக்காரர் இருக்கினம், கனபேருக்கு ரத்தம் சோதிக்கும் வரைக்கும் தெரியாது. இந்த மருந்து கூடுதலா சலத்தோடதான் வெளியேறும், கிட்னி மந்தமெண்டா அது உடம்பில தங்கி நிக்கும், அளவு குறைச்சுக் குடுக்கோணும். அதால ஆஸ்பத்திரிக்குப் போகேக்க கிரியாட்டினின் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. கிட்னி, இருதயம், நுரையீரல் மாத்தின ஆக்களும் முதலே நாண் நோவு வந்த ஆக்களும் இதே பட்டியல்தான்.

வரம்பு வெட்டினதால வந்த நோ இல்லை எண்டு எப்பிடித் தெரியும்? முழுக்கச் சொல்லேலாது, ஆனா ரெண்டு விசயத்தைப் பாருங்கோ. வேலை செய்த நோ அனேகமாக் கெண்டைச் சதையில இருக்கும், ரெண்டு நாளில குறைஞ்சுகொண்டு வரும். மருந்தால வாறது சதையில இல்லை, குதிக்கு மேல நாணிலயே நிக்கும், பெருவிரலாலயும் சுட்டுவிரலாலயும் ரெண்டு பக்கத்தாலயும் மெதுவாப் பிடிச்சா அந்த இடத்திலதான் சுள்ளெண்டு நோகும், சிலவேளை தடிச்சும் சூடாவும் இருக்கும், காலமை எழும்பி முதல் நாலஞ்சு அடி வைக்கேலாமல் விறைச்சிருக்கும். ரெண்டு கால்லயும் ஒரேயடியா வாறது இதில கனக்க நடக்கும், அதுதான் உங்கட கேள்வியை வாசிச்ச உடன எனக்கு உறைச்சது. காலக்கணக்கும் பொருந்துது, குடிக்கத் தொடங்கி ரெண்டு நாளிலயே வரலாம், கூடுதலா முதல் மாசத்துக்குள்ள வரும், ஆனா குளிசை முடிஞ்சு சில மாசம் போயும் வரலாம்.

அந்தக் கடைசி விசயத்திலதான் சனம் ஏமாறுது. நான் பாத்த ஒரு அம்மா, அறுபதைத் தாண்டினவ, நெஞ்சுச்சளிக்கு லெவோஃப்ளொக்சசினும் பிரெட்னிசொலோனும் குடிச்சு முடிச்சு மூண்டாம் கிழமை, பஸ்ஸில ஏறக் காலை ஊண்டேக்க பின்னால ஆரோ தடியால அடிச்சமாதிரி ‘டக்’ எண்டு கேட்டதாம், திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்லை. அதுக்கு முதல் ஒரு கிழமையாக் குதிக்குப் பின்னால நோ இருந்திருக்கு, செருப்புப் பிழை எண்டு நினைச்சிருக்கிறா. அறுந்த பிறகும் நொண்டி நொண்டி நடந்தவ, காலைக் கீழ அசைக்கவும் ஏலுமா இருந்தது, அதால முறியேல்ல, நெரிவுதான் எண்டு ஊரில முறிவு நெரிவு பரியாரியிட்ட எண்ணெய்க்கட்டுப் போட்டுக்கொண்டு இருந்திட்டா. என்னட்ட வரேக்க ரெண்டு கிழமை போட்டுது. காலைக் கீழ அசைக்கிறதுக்கு வேற சின்ன நாண்களும் இருக்கு, அதால நடக்க முடியுது எண்டது நாண் அறேல்ல எண்டதுக்கு அத்தாட்சி இல்லை. அந்தக் கால்லால மட்டும் நுனிவிரலில எழும்பி நிக்கேலாமல் போறதுதான் அடையாளம்.

ஆனா அப்பாவை இப்ப நுனிவிரலில நிக்கச் சொல்லிச் சோதிக்க வேண்டாம், நொந்த நாணை நீங்களே அறுத்துப் போடுவியள். அறுந்திட்டுதோ எண்டு சந்தேகம் வந்தா மட்டும் வேற ஒரு வழி இருக்கு: குப்புறப் படுக்க வைச்சு, பாதம் கட்டிலின்ர விளிம்புக்கு வெளியில தொங்கோணும், கெண்டைச் சதையை ஒரு கையால மெதுவா அமத்துங்கோ. நாண் இருந்தா பாதம் தானாக் கீழ்ப்பக்கம் அசையும். அறுந்திருந்தா அசையாது, மற்றக் காலோட ஒப்பிட்டா வடிவாத் தெரியும், குதிக்கு மேல விரல் வைச்சா ஒரு பள்ளமும் தட்டுப்படும். அப்பிடியெண்டா அந்தக் காலை ஊண்ட விடாம, பாதம் கீழ நோக்கி நிக்கிறமாதிரியே விட்டு, தூக்கிக் கொண்டுபோங்கோ. நாள் பிந்தாம வந்தா அறுந்த நுனிகள் கிட்டக் கிட்ட இருக்கும், பாதத்தைக் கீழ நோக்கி வைச்சு பிளாஸ்டரோ பூட்ஸோ போட்டே கனபேருக்குப் பொருந்தவைக்கலாம், சிலருக்கு ஒப்பரேசன் வேணும். கிழமைக்கணக்கில விட்டா நுனிகள் விலகி வைத்தியம் கஷ்டமாப் போகும்.

அறாம நோவோட மட்டும் நிக்கிற இந்த நேரம்தான் எங்களுக்குக் கிடைச்ச நேரம். சாஞ்சு இருக்கட்டும், வீட்டுக்குள்ள நடந்தாப் போதும், தட்டைச் செருப்பும் வெறுங்காலும் வேண்டாம், ரெண்டு செருப்பிலயும் குதிப்பக்கம் ஒரு விரலளவு உயரத்துக்குத் துணியை மடிச்சு வைச்சா நாணின்ர இழுவை குறையும். நோவுக்குப் பரசிற்றமோல் போதும். பாமசியில டைக்ளோஃபெனக்கோ இபுபுரூஃபனோ வாங்கிக் குடுக்காதேங்கோ, கிட்னிக்கும் கூடாது, சிலருக்குத் தொய்வையும் கிளப்பும். ஆராவது நொந்த இடத்தில ஸ்டெரொய்ட் ஊசி போடுவம் எண்டு சொன்னா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இழுத்து நிமித்திற அப்பியாசமும் இப்ப இல்லை, நோ அடங்கின பிறகு பிசியோதெரபிக்காரர் சொல்லித்தரட்டும்.

பிரெட்னிசொலோனை நீங்களா நிப்பாட்ட வேண்டாம், தொய்வு மோசமாகலாம், கனகாலம் குடிக்கிற ஆக்கள் டக்கெண்டு விட்டா அது இன்னும் ஆபத்து. அதை டொக்டர் முடிவெடுக்கட்டும். தொய்வு பம்பையும் அப்பிடியே பாவிக்கட்டும். சலக்கடுப்புக்கு மாத்து மருந்து இருக்கு, நைட்ரோஃபுரன்டோயின், செஃபலொஸ்போரின் வகைகள் எண்டு, எது எண்டது கல்ச்சரையும் கிட்னியையும் பொறுத்தது, ஏனெண்டா கிட்னி மந்தமெண்டா நைட்ரோஃபுரன்டோயின் சரிவராது. ஒண்டைச் சொல்லோணும், எலிக்காய்ச்சல் வராம வயல்காரருக்குக் குடுக்கிற டொக்சிசைக்கிளின் இந்தக் குடும்பம் இல்லை, இதை வாசிச்சுப்போட்டு அதை ஆரும் விட்டுடாதேங்கோ.

சிப்ரோவை நேரத்துக்கு நிப்பாட்டினா கனபேருக்கு சில கிழமைகளில நோ குறையும், சிலருக்கு மாசக்கணக்கு எடுக்கும். நோ போட்டுது எண்டு அடுத்த நாளே மண்வெட்டியைத் தூக்க விட வேண்டாம், இந்தப் போகம் வரம்பு வேலைக்கு ஆள் பிடியுங்கோ. அப்பாவின்ர கிளினிக் கொப்பியின்ர முதல் பக்கத்தில ‘சிப்ரோஃப்ளொக்சசினுக்கு நாண் நோவு வந்தது, இந்த வகை மருந்து வேண்டாம்’ எண்டு டொக்டரைக் கொண்டு சிவப்பில எழுதுவிச்சு, பாமசிக்குப் போகேக்கயும் அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கோ.