வலிக்கவில்லை என்றுதான் எங்கள் அப்பாவும் சொன்னார்

கேள்வி: அப்பாவுக்குப் பல வருஷமாக சுகர். கால் கட்டைவிரலில் சின்னப் புண், வலியே இல்லை என்கிறார். டாக்டரோ எலும்பு வரை போயிருக்கலாம் என்கிறார். வலிக்காத புண் எப்படி எலும்புக்குப் போகும்?

உங்கள் அப்பாவும் காலைக் காட்ட மாட்டேன் என்று மடக்கி உட்காருகிற ஆளாகத்தான் இருப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் புண் கட்டுகிற நர்ஸ். அப்படியிருந்தும் சொந்த அப்பா காலைப் பார்க்க ஒன்பது நாள் ஆனது.

ஊர் மேலூர்ப் பக்கம். சித்திரைத் திருவிழாவுக்கு வேண்டுதல் என்று தல்லாகுளத்திலிருந்து வைகை வரை செருப்பில்லாமல் நடந்தார். தார் ரோடு கொதித்திருக்கிறது. கட்டைவிரல் அடியில் கொப்புளம் வந்து உடைந்ததே அவருக்குத் தெரியாது. பாயில் கறை இருப்பதைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். (பக்தியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அழகர் எங்கள் குலசாமி.)

சுகர் நீண்ட நாள் கூடுதலாக இருந்தால் பாதத்து நரம்பு மரத்துப்போகும். நமக்குச் சின்ன முள் குத்தினாலும் விந்தி நடப்போம், அந்த இடத்தில் பாரம் போடாமல் காப்பாற்றுவோம். அவர்கள் அதே புண் மேல் நாள் முழுக்க நடக்கிறார்கள். ஒவ்வொரு அடியும் கிருமியை உள்ளே தள்ளுகிறது. விரலில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே கொஞ்சம்தான். அதனால்தான் சின்னப் புண் சீக்கிரம் எலும்பைத் தொடுகிறது.

உள்ளே போன கிருமியை எதிர்க்க வேண்டியது வெள்ளை அணுக்கள். சர்க்கரை ஏறிய ரத்தத்தில் அவை புண் இருக்கும் இடத்துக்கு மெதுவாகத்தான் வந்து சேரும், கிருமியை விழுங்கி அழிக்கும் வேகமும் குறையும். கால் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் அணுக்களும் குறைவு, மாத்திரையும் சரியாகப் போய்ச் சேராது. எதிர்ப்பு மந்தமாக இருப்பதால் பல பேருக்குக் காய்ச்சல்கூட வராது. அப்பாவுக்கும் வரவில்லை. வந்த ஒரே அறிகுறி, அதே மாத்திரை, அதே சாப்பாட்டில் வெறும் வயிற்று சுகர் 150-லிருந்து 280-க்கு ஏறியது. உடம்பில் தொற்று இருந்தால் சுகர் ஏறும், ஏறிய சுகர் தொற்றை வளர்க்கும்.

ஊர் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். எலும்பு அரிப்பது எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆரம்பத்தில் எடுத்த படத்தை நம்பி உட்காரக் கூடாது. நான் போனபோது விரல் முழுக்க உருண்டு, வாடாத கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. எங்கள் சர்ஜன் மழுங்கிய ஸ்டீல் கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல விட்டார். கல்லைத் தட்டுகிற மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. அப்பா முகம் சுளிக்கவே இல்லை, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருக்கு அந்தக் கம்பியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கை நடுங்கியது.

கம்பி எலும்பைத் தொட்டால், தொற்றும் கண்ணுக்குத் தெரிந்தால், எலும்பு கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். எம்ஆர்ஐ அதை உறுதி செய்தது. மேலாகத் துடைத்து எடுக்கிற சீழ் பரிசோதனையில் தோலில் இருக்கிற கிருமிகளும் கலந்துவிடும் என்பதால் எலும்புத் துணுக்கையே லேபுக்கு அனுப்பினார்கள். எலும்பை எடுக்காமல் ஆறு வாரம் மருந்தோடு பார்ப்பதும் ஒரு வழி. பாதத்துக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருந்ததால், விரல் நுனி எலும்பை மட்டும் எடுத்துவிட்டு மூன்று வாரம் மருந்து கொடுத்தார்கள். வெட்டிய ஓரத்திலும் கிருமி இருந்ததால்தான் மூன்று வாரம், இல்லாவிட்டால் சில நாளில் முடிந்திருக்கும்.

அந்த நேரத்தில் சித்தப்பா ஆப்பிளோடு வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கிணத்துப் பங்கைப் பற்றிப் பேசினார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் டாக்டரிடம் கம்பி விட்டுப் பார்த்தீர்களா, பாதத்தில் நாடி பார்த்தீர்களா என்று கேளுங்கள். சிவப்பு விரலைத் தாண்டி ஏறினாலோ, நாற்றமோ கருப்போ வந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். அப்பா இப்போது மெத்தென்ற ரப்பர் வைத்த எம்சிஆர் செருப்போடுதான் வீட்டுக்குள்ளும் நடக்கிறார். ராத்திரி தூங்கும்முன் அம்மா டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பார்க்கிறார்.